மூன்று படியில் ஒன்பது படிக் கதை

"ஈசூன் வீவக வீட்டில் மூன்று படிக்குத்தான் இடம். ஒன்பது படிக் கொலுவை எப்படி அடக்குவது?"

மூன்றும் ஒற்றைப்படைதானே, சரியாகவே இருக்கும். ஒன்பதில் கீழ் ஆறு படிகள் தொல்காப்பியம் சொல்லும் அறிவு வரிசை: செடிகொடி ஓரறிவு, நத்தையும் சங்கும் ஈரறிவு, எறும்பு மூன்று, நண்டும் வண்டும் நான்கு, விலங்கு பறவை ஐந்து, மனிதர் ஆறு. அப்புறம் மகான்கள், தேவர்கள், உச்சியில் அம்பாளும் கலசமும்.

முதல் ஐந்தையும் கீழ்ப்படியில் இடமிருந்து வலமாக வரிசையாக வையுங்கள். நடுப்படி மனிதருக்கு: மரப்பாச்சி ஜோடி, செட்டியார் பொம்மை, அவர் முன்னால் தேக்காவில் வாங்கிய அரிசியும் பருப்பும் குட்டிக் கிண்ணங்களில். மற்றவை மேலே.

தசாவதார செட்டில் மீனும் ஆமையும் இருக்கிறதே என்று கீழே இறக்கிவிடாதீர்கள். நான் இறக்கி, அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அவை அவதாரங்கள், மேல்படிதான்.