பி.டி.இ. லெக்சர்: கை ஓடினால் காது நிற்கிறது

“அக்கா, நான் தக்கலையில ஒரு ஆஸ்பத்திரியில நர்ஸா இருக்கேன். ஆஸ்திரேலியா போகணும்னு பி.டி.இ. ஆங்கிலத் தேர்வுக்குப் படிக்கேன். லெக்சர் கேட்டு 50லிருந்து 70 சொல்லுக்குள்ள சுருக்கி எழுதுற கேள்விதான் முடியல. எழுதப் போனா அடுத்த வரி கேக்கல, கேட்டுக்கிட்டே இருந்தா கடைசியில ஒண்ணும் ஞாபகமில்ல. பயிற்சியில கேக்குற எல்லாத்தையும் எழுதச் சொல்றாங்க. நீங்க எப்படி எழுதினீங்க?”

மக்ளே, கேட்கும் எல்லாவற்றையும் எழுத யாராலும் முடியாது. அதை முதலில் கணக்காகவே பார்த்துவிடு. லெக்சர் ஓடுவது 60 முதல் 90 நொடி. பேசுகிறவர் நிமிடத்துக்கு 130, 150 சொல் போவார். ஆக மொத்தம் 200 சொல் பக்கத்தில் வரும். கையால் வேகமாக எழுதினால் எனக்கு நிமிடத்துக்கு 25 சொல் வரும். நீயும் கடிகாரம் வைத்து எண்ணிப் பார். அந்த ஒன்றரை நிமிடமும் விடாமல் எழுதினாலும் 40 சொல்லைத் தாண்டாது, அதற்குள் காது வேலை செய்வதையே நிறுத்தியிருக்கும். நான் 15, 20 சொல்லுக்கு மேல் எழுதுவதில்லை. எந்த 20 என்பதுதான் கேள்வி.

மெல்போர்னிலிருந்து லீவுக்குக் குளச்சல் வந்திருக்கிறேன். போன வாரம் எங்கள் அக்கா மகனுக்கு இதையேதான் சொல்லிக் கொடுத்தேன். அவனுக்கு நடந்ததைச் சொன்னால் உனக்கு எளிதாகப் புரியும். கடற்கரை மணலைப் பற்றி நானே ஒரு சின்ன லெக்சர் எழுதி, ஆங்கிலத்தில் போனில் பதிவு செய்து, ஒரே ஒரு தடவை போட்டுக் காட்டினேன். தேர்விலும் ஒரு தடவைதான் ஓடும். அதன் சாரம் இது: கடற்கரை என்பது நின்ற இடத்தில் நிற்கும் பொருள் என்று நினைக்கிறோம், அது உண்மையில் ஓடும் மணல். அலை சாய்வாக வந்து மோதுவதால் மணல் கரையோரமாகவே நகர்கிறது. குறுக்கே க்ராய்ன் கட்டினால், அதாவது நம் ஊர் தூண்டில் வளைவு, ஒரு பக்கம் மணல் சேர்ந்து கரை வளரும். மறுபக்கத்துக்கு வரவேண்டிய மணல் வராததால் அங்கே கரை அரிக்கும். உடனே அடுத்த ஊர்க்காரர்களும் தங்களுக்கு ஒரு க்ராய்ன் கேட்பார்கள், அரிப்பு இன்னும் தள்ளிப் போகும். சில இடங்களில் வெளியிலிருந்து மணல் கொண்டுவந்து கொட்டுகிறார்கள், ஆனால் சில வருடத்துக்கு ஒருமுறை மறுபடி கொட்டவேண்டும். எனவே ஒரு ஊரின் கரையை மட்டும் பார்க்காமல் முழுக் கரைக்கும் சேர்த்துத் திட்டம் போடவேண்டும்.

அவன் எழுதிய குறிப்பு இப்படி இருந்தது: பீச், ஸ்டேபிள், சாண்ட், வேவ்ஸ், ஆங்கிள், க்ராய்ன், வில்லேஜ், சாண்ட், இயர்ஸ். ஒன்பது சொல் வரிசையாக, ஏறக்குறைய எல்லாம் பெயர்ச்சொல். காது நன்றாகத்தான் கேட்டிருக்கிறது, எல்லாச் சொல்லும் சரி. ஆனால் அதை வைத்து அவன் எழுதிய சுருக்கம் என்ன தெரியுமா? க்ராய்ன் கட்டினால் கடலரிப்பிலிருந்து ஊர் பாதுகாக்கப்படும் என்று. பேசியவர் சொன்னதற்கு நேர் எதிர். அவன் கடற்கரையில் வளர்ந்த பையன், தூண்டில் வளைவு வேண்டும் என்று பெரியவர்கள் பேசுவதைச் சின்ன வயதிலிருந்து கேட்டவன். குறிப்பில் விட்டுப்போன இடத்தைத் தனக்குத் தெரிந்ததை வைத்து நிரப்பிவிட்டான். தெரிந்த தலைப்பு வந்தால் இதுதான் ஆபத்து. நீ நர்ஸ். லெக்சரில் தூக்கம், தடுப்பூசி, சர்க்கரை என்று எதையாவது பேசினால் உனக்கும் இது நடக்கும். லெக்சரில் சொன்னதைத்தான் மதிப்பிடுவார்கள், நமக்குத் தெரிந்ததை அல்ல.

பெயர்ச்சொல் எழுதுவதில் உள்ள குறை இதுதான். எது எதைச் செய்தது, எது கூடியது, எது குறைந்தது, எங்கே பேச்சு திரும்பியது என்பதெல்லாம் பெயர்ச்சொல்லில் இருக்காது. அந்த உறவுதான் முதலில் மறக்கும். ‘சாண்ட்’ என்ற சொல்லை நீ எழுதாவிட்டாலும் தலைப்பு ஞாபகமிருந்தால் தானாக வந்துவிடும். மணல் எந்தப் பக்கம் சேர்ந்தது, எந்தப் பக்கம் போனது என்பது வராது.

அதனால் குறிப்பில் அம்புக்குறிக்கு முதல் இடம் கொடு. காரணத்திலிருந்து விளைவுக்கு →, கூடினால் ↑, குறைந்தால் ↓, ‘இல்லை’ என்றால் ஒரு ×. பேச்சு திரும்பும் இடத்துக்கு நான் தமிழில் ‘ஆ’ என்று ஒரே எழுத்துப் போடுவேன், ‘ஆனால்’ என்பதற்கு. ‘பட்’, ‘ஹவ்எவர்’, ‘யெட்’, ‘இன் ஃபேக்ட்’ எது வந்தாலும் அதே ‘ஆ’தான். பேசுகிறவர் தன் முக்கியமான கருத்தைப் பெரும்பாலும் அந்தச் சொல்லுக்குப் பிறகுதான் வைப்பார். குறிப்பைத் தமிழில் எழுதலாமா என்று பலர் கேட்பார்கள். இணைப்புக்குத் தமிழ் எழுத்து நல்லது, வேகம். விஷயத்தின் சொல்லை மட்டும் ஆங்கிலத்திலேயே எழுது. பதிலில் அதே சொல் வேண்டும், எழுத்துப்பிழைக்கும் மதிப்பெண் போகும், திரும்ப மொழிபெயர்க்க உட்கார்ந்தால் நேரம் வீண்.

மறுநாள் அதே லெக்சருக்கு அவன் போட்ட குறிப்பு இது. அவன் ஆங்கிலத்தில் எழுதியதை உனக்காகத் தமிழ் எழுத்தில் தருகிறேன்:

பீச் × ஸ்டேபிள், மூவிங் சாண்ட்
வேவ் சாய்வு → சாண்ட் கரையோரம் →
க்ராய்ன்: 1 பக்கம் ↑
ஆ, மறுபக்கம் ↓
→ அடுத்த வில்லேஜும் → அரிப்பு தள்ளி →
சாண்ட் கொட்டு: சில இயர்ஸ், மறுபடி
முடி: × 1 பீச், ஹோல் கோஸ்ட்

ஏழு வரி. சரிபார்க்க ஒரே ஒரு வழி வைத்திருக்கிறேன். பத்து நிமிடம் கழித்து ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டு, அதிலிருந்து ஒரு முழு வாக்கியம் வாயால் சொல்ல வருகிறதா பார். வந்தால் அது குறிப்பு. வராத வரி வெறும் சொல், அடுத்த தடவை அந்த இடத்தில் அம்பு போடப் பழகு.

இதிலிருந்து சுருக்கம் மூன்று வாக்கியத்தில் முடிந்தது. கடற்கரை நிலையானதல்ல, அலை மணலைக் கரையோரமாக நகர்த்துகிறது என்பது முதல் வாக்கியம். க்ராய்ன் ஒரு பக்கம் மணலைச் சேர்த்தாலும் மறுபக்கம் அரித்து, சிக்கலை அடுத்த ஊருக்குத் தள்ளுகிறது என்பது இரண்டாவது. மணல் கொட்டுவதும் சில வருடமே தாங்கும் என்பதால் முழுக் கரைக்கும் திட்டம் தேவை என்பது மூன்றாவது. ஆங்கிலத்தில் 60 சொல்லை ஒட்டி வந்தது. 50க்குக் கீழே போனாலும் 70க்கு மேலே போனாலும் வடிவத்துக்கான மதிப்பெண் குறையும். 40க்குக் கீழே அல்லது 100க்கு மேலே போனால் அந்தப் பதிலுக்கே ஒன்றும் கிடைக்காது. ‘பேச்சாளர் பல சுவாரசியமான விஷயங்களைக் கூறினார்’ என்று டெம்ப்ளேட் வாக்கியம் கற்றுக்கொடுத்திருப்பார்கள். அந்த ஒன்றே பத்துச் சொல்லைத் தின்றுவிடும், கருத்து என்று எதுவும் அதில் இல்லை. எழுதுவதற்குப் 10 நிமிடம் கிடைக்கும், அவசரமே வேண்டாம். கடைசி இரண்டு நிமிடத்தை எழுத்துப்பிழை பார்க்க வை.

இப்போது உன் பிரச்சினைக்கு வருகிறேன், கை ஓடும்போது காது நிற்பது. எனக்கும் இதுதான் நடந்தது. முதல் தடவை எழுதி, லிசனிங்கில் மட்டும் தேவையான மதிப்பெண் வராமல் மறுபடி பணம் கட்டினேன். வீட்டில் பயிற்சி செய்த தாள்களைப் பரப்பிவைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது: எல்லாத் தாளிலும் மேல்பாதி நெருக்கமாக நிறைந்திருந்தது, கீழ்பாதி காலி. தொடக்கத்தில் ஆர்வமாக எழுதி எழுதி, முடிவைக் கோட்டைவிட்டிருக்கிறேன். முதல் வாக்கியங்களில் பெரும்பாலும் அறிமுகம்தான் இருக்கும். அதிலிருந்து முதல் 10 நொடிக்குத் தலைப்புச் சொல் ஒன்றைத் தவிர எதுவும் எழுதுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். பேனாவைத் தூக்கிப் பிடித்துக் கேட்பேன். ஒரு கருத்து முடிந்து அவர் மூச்சு விடும் இடத்தில் மட்டும் ஒரு வரி போடுவேன்.

உன் தாளையும் அப்படிப் பரப்பிப் பார். மேலே நெருக்கம், கீழே காலி என்றால் கை அவசரப்படுகிறது. நடுவில் மட்டும் ஓட்டை என்றால், ஏதோ ஒரு சொல் புரியாமல் அதையே நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறாய். புரியாத இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போ. அதே கருத்தை இன்னொரு விதமாக அவரே திரும்பச் சொல்வதும் உண்டு. எண் வந்தால் மட்டும் உடனே எழுதிவிடு, அது நினைவில் நிற்காது. ஆள் பெயருக்கு முதல் எழுத்துப் போதும்.

இன்னொன்று, தேர்வு மையத்தில் தாளும் பேனாவும் தரமாட்டார்கள். அழித்து எழுதுகிற பிளாஸ்டிக் பலகையும் மார்க்கர் பேனாவும்தான். முனை தடிமன், எழுத்து பெரிதாகத்தான் வரும், கை பட்டால் அழியும். பால் பாயிண்ட் பேனாவில் பழகிவிட்டுப் போனால் அன்றைக்குத் தடுமாறும். தக்கலையில் ஏதாவது ஜெராக்ஸ் கடையில் ஒரு வெள்ளை ஏ4 தாளை லேமினேட் பண்ணி வாங்கு, ஒயிட்போர்டு மார்க்கரில் அதில் எழுதிப் பழகு. அறையில் மற்றவர்களும் சத்தமாகப் பேசிக்கொண்டு இருப்பார்கள். அதனால் வாரத்தில் ஒருநாள் பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து ஹெட்போனில் கேட்டுப் பார்.

லெக்சரைக் கேட்டுத் திரும்பச் சொல்கிற கேள்வி ஸ்பீக்கிங்கில் வரும். அதற்கும் இதே குறிப்புத்தான். ஆனால் யோசிக்க 10 நொடி, பேச 40 நொடி. அதனால் பக்கவாட்டில் சிதறி எழுதாமல் மேலிருந்து கீழாகவே எழுது, கண் அப்படியே இறங்கிவர வேண்டும். மூன்று நொடி மௌனமாக இருந்தால் பதிவு நின்றுவிடும். ஒரு வரி படிக்க முடியாவிட்டால் அதைத் தாண்டி அடுத்த வரிக்குப் போய்விடு. ஐ.இ.எல்.டி.எஸ். எழுதுகிற தோழிகளுக்கு இதைச் சொல்லாதே. அங்கே கேள்விகள் முன்னாலேயே கண்ணெதிரில் இருக்கும், அந்த இடைவெளிகளைத்தான் பார்த்துக்கொண்டே போகவேண்டும்.

இந்தப் பழக்கம் எனக்கு மெல்போர்னில் டியூட்டியிலும் கைகொடுத்தது. ஹேண்டோவரில் நைட் ஸ்டாஃப் படபடவென்று சொல்லிக்கொண்டு போவார்கள். என் தாளில் பெட் நம்பர், பக்கத்தில் அம்பு, பி.பி. ↓, ஃப்ளூயிட் →, டாக்டரிடம் சொல்லியாச்சு என்றால் ஒரு டிக். வந்த புதிதில் அந்த உச்சரிப்பு பாதிதான் புரியும், புரியாத இடத்தில் கோடு போட்டு வைத்துப் பிறகு கேட்டுக்கொள்வேன். அங்கே கேட்கலாம், தேர்வில் கேட்க முடியாது.

தினம் இரண்டு லெக்சர் போதும். முதலாவதைப் பேனா இல்லாமல் கேட்டு, ஒரே வாக்கியத்தில் அம்மாவிடம் தமிழில் சொல். இரண்டாவதுக்குக் குறிப்பு எடு. பத்து நாள் கழித்து நாலைந்து பலகையைப் படம் எடுத்து அனுப்பு, எந்த இடத்தில் விட்டுப்போகிறது என்று பார்த்துச் சொல்லுகிறேன்.