மாதம் 15,000 எடுத்தால் எவ்வளவுக்கு வரி?

கேள்வி: ரிடையர்மென்ட் பணத்தில் 20 லட்சத்தை 2023 ஜூனில் ஒரு ஹைபிரிட் ஃபண்டில் மொத்தமாகப் போட்டேன். இப்போது எஸ்டபிள்யூபி என்ற மாதாந்திரப் பணமெடுப்புத் திட்டம் மூலம் மாதம் 15,000 வருகிறது. முழுவதையும் வருமானமாகக் காட்டணுமா? போட்ட 20 லட்சத்தைத் திரும்ப எடுக்கும் வரை வரியே கிடையாது என்கிறார் நண்பர்.

இரண்டும் இல்லை. மாதாமாதம் நடப்பது விற்பனை. அன்றைய என்ஏவி-யில், அதாவது ஒரு யூனிட்டின் அன்றைய விலையில், 15,000 ரூபாய்க்கு எத்தனை யூனிட் வருமோ அத்தனையை ஃபண்ட் விற்றுப் பணத்தை அனுப்புகிறது, அதனால் முதல் மாதத்திலிருந்தே ஒவ்வொரு தொகையிலும் கொஞ்சம் அசல், கொஞ்சம் லாபம் கலந்துதான் வரும்.

நீங்கள் 40 ரூபாய் என்ஏவி-யில் 50,000 யூனிட் வாங்கியதாக வைத்துக்கொள்வோம். இன்று என்ஏவி 50 என்றால் 15,000-க்கு 300 யூனிட் போகும். அவற்றின் அடக்க விலை 12,000, அது உங்கள் பணம்தான். லாபம் 3,000 மட்டுமே. என்ஏவி அப்படியே நின்றால் வருடம் முழுக்க 1.8 லட்சம் எடுத்தும் லாபம் 36,000. ஆனால் லாபத்தின் இந்த விகிதம் நிலையானதில்லை: என்ஏவி 80 ஆனால் அதே 15,000-த்தில் பாதி, அதாவது 7,500, லாபம்.

இடையில் இன்னொரு 5 லட்சத்தை 50 ரூபாய் என்ஏவி-யில் அதே ஃபோலியோவில் போட்டிருந்தால்? பலர் கோட்டை விடும் இடம் இதுதான். ஆப் திரையில் சராசரி விலை 41.67 என்று தெரியும், அதை வைத்துக் கணக்குப் போட்டால் லாபம் 2,500 வரும், அது தவறு. சட்டப்படி முதலில் வாங்கிய யூனிட்தான் முதலில் விற்றதாகும், ஆகவே அந்தப் பழைய 50,000 தீரும் வரை அடக்கம் 40-தான், லாபம் 3,000-தான்.

சரி, வரி எவ்வளவு? உங்கள் ஃபண்டில் 65 சதவீதத்துக்குக் குறையாமல் இந்தியப் பங்குகள் இருந்தால், 12 மாதம் தாண்டிய யூனிட்டின் லாபத்தில் வருடத்துக்கு 1.25 லட்சம் வரை வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். இந்த 1.25 லட்சம் உங்கள் எல்லாப் பங்கு, பங்கு ஃபண்ட் லாபத்துக்கும் சேர்த்து. 12 மாதத்துக்குள் விற்றால் 20 சதவீதம். பணம் போட்ட அடுத்த மாதமே எஸ்டபிள்யூபி தொடங்கினால் இந்த 20-உம், பல ஃபண்டுகளில் சீக்கிரம் எடுப்பதற்கான கட்டணமான எக்ஸிட் லோடும் சேர்ந்தே வரும். 2023 ஏப்ரல் 1 முதல் வாங்கிய கடன் ஃபண்டாக இருந்தால் எத்தனை வருடம் வைத்திருந்தாலும் லாபம் உங்கள் ஸ்லாபில் சேரும், அங்கும் லாபம் மட்டும்தான்.

உள்நாட்டில் வசிப்பவருக்கு இந்த லாபத்தில் டிடிஎஸ் பிடிப்பதில்லை, கணக்கு உங்கள் பொறுப்பு. ஃபண்ட் கணக்குகளைப் பராமரிக்கும் கேம்ஸ் அல்லது கேஃபின்டெக் தளத்தில் கேபிடல் கெயின்ஸ் ஸ்டேட்மென்ட் கேளுங்கள். எந்த யூனிட் எந்தத் தேதியில் வாங்கியது, எந்த விலைக்குப் போனது என்று வரிசையாக இருக்கும், ரிட்டர்னில் போட வேண்டியது அதுதான்.