ஸ்டோரி போலில் முக்கால்வாசிப் பேர் 'ஆம்', முன்பணம் கேட்டால் ஆளில்லை

"காரைக்குடி. பனையோலைக் கொட்டானில் சீப்பு சீடை, தீபாவளிக்குப் போட்டால் வாங்குவீர்களா என்று இன்ஸ்டாகிராம் ஸ்டோரியில் 'போல்' வாக்கெடுப்பு வைத்தேன். முக்கால்வாசிப் பேர் ஆம். முன்பணம் கேட்டால் யாரும் வரவில்லை. பலகாரம் சுட ஆள் சொல்லிவிடலாமா?"

இப்போதைக்கு ஆள் சொல்லாதீர்கள், கொட்டானும் மொத்தமாக வாங்காதீர்கள்.

உங்கள் போலில் விலை இல்லை. விலை இல்லாத 'ஆம்' பெரும்பாலும் உங்கள் மேல் உள்ள பிரியம்தான். ஸ்டோரியை மேலே தள்ளினால் யார் எதற்கு வாக்களித்தார்கள் என்று பெயரோடு தெரியும். அதில் சொந்தக்காரர்கள், வீட்டில் ஆச்சி கையால் சீடை சாப்பிடுகிறவர்கள், உங்களைப் போல விற்கிறவர்கள் எல்லோரையும் கழித்துப் பாருங்கள். முன்பு உங்களிடம் காசு கொடுத்து வாங்கியவர்கள் எத்தனை பேர் மிஞ்சுகிறார்கள்? அந்த எண்ணிக்கைதான் பேசும், சதவீதம் அல்ல.

அப்புறம் இப்படிக் கேளுங்கள்: "அரை கிலோ, கொட்டானோடு 450 ரூபாய், கூரியர் தனி." விருப்பங்கள் மூன்று: எடுத்துக்கொள்கிறேன், விலை அதிகம், வீட்டிலேயே செய்வோம். 450 ஓர் உதாரணம்தான், உங்கள் அடக்க விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். மூன்றாவது விருப்பம் முக்கியம். மனம் நோகாமல் மறுக்க வழி இருந்தால்தான் முதல் விருப்பத்தை நம்பலாம்.

அடுத்த நாள் கேள்விப் பெட்டி. "என்ன வேண்டும்?" என்று கேட்டால் ஆசைகள்தான் வரும். "போன தீபாவளிக்குப் பலகாரம் எங்கே வாங்கினீர்கள், எதில் குறை?" என்று நடந்ததைக் கேளுங்கள். 'கூரியரில் நொறுங்கியது' என்று பலர் சொன்னால், கொட்டானுக்குள் டப்பா வைப்பதா என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும்.

'எடுத்துக்கொள்கிறேன்' என்றவர்களுக்கு அன்றே தனிச்செய்தியில் முன்பணம் கேளுங்கள். பணம் வந்த அளவுக்கு மட்டும் ஓர் ஈடு சுடுங்கள்.

ஒன்று: ஸ்டோரியை அடிக்கடி பார்ப்பவர்கள் ஏற்கெனவே உங்களோடு பழகியவர்கள். சென்னையில் புதிதாக வாங்கப்போகிறவர்களின் மனதை இந்தப் போல் சொல்லாது.