நெல்லை வசனத்தைப் பொதுப் பேச்சுத் தமிழுக்கு மாற்றும்போது பாத்திரங்கள் ஏன் செத்துப்போகின்றன?

கேள்வி: முழுக்க நெல்லைத் தமிழில் எழுதிய திரைக்கதை. எல்லா ஊர்க்காரர்களுக்கும் புரிகிற பொதுப் பேச்சுத் தமிழில் வசனத்தை மாற்றித் தரச் சொல்கிறார் தயாரிப்பாளர். மாற்றிப் பார்த்தால் கடைக்காரர், கடன்காரர், மகள் எல்லாரும் ஒரே ஆள் மாதிரி பேசுகிறார்கள். எதைத் தப்பாகச் செய்கிறேன்?

பதில்:

அநேகமாகச் சொல்லுக்குச் சொல் மாற்றியிருப்பீர்கள். 'சோலி' வேலையாகியிருக்கும், 'பைய' மெதுவாகியிருக்கும், 'நீரு' நீங்களாகியிருக்கும். இந்த மூன்றில் முதலாவதால் நட்டமில்லை. இரண்டாவது பொருளைக் கெடுக்கும். மூன்றாவது ஆளையே மாற்றிவிடும்.

நெல்லைப் பேச்சில் ஒவ்வொரு அடையாளமும் ஒவ்வொரு வேலை பார்க்கிறது. சில வெறும் ஒலி: சொல்லுதேன், பேசுதான், பாக்கேன். இவை சொல்றேன், பேசுறான், பாக்குறேன் என்று ஆனால் யாருக்கும் எதுவும் குறையாது, தயங்காமல் மாற்றலாம். சில அடையாளங்கள் உறவைக் காட்டுகின்றன: நீரு, வே, ஏல, ளா, அண்ணாச்சி. சில, பேசுகிறவரின் குணத்தைக் காட்டுகின்றன: மழுப்புவது, குத்திப் பேசுவது, இழுத்துப் பேசுவது. பின்னால் சொன்ன இரண்டு வகையையும் எடுக்கும்போது, அவை பார்த்த வேலையை வேறொன்றிடம் ஒப்படைக்க வேண்டும். எனவே மாற்ற உட்காரும் முன் பழைய பிரதியை ஒருமுறை படித்து, ஒருவர் இன்னொருவரை விளிக்கும் விதம் மாறுகிற இடத்தில் எல்லாம் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். இந்தக் கோடுகள்தான் காட்சியின் எலும்பு.

ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். மளிகைக் கடைக்காரர் சுடலைமுத்து, வயது 60. கடன் வாங்கிய பேச்சிமுத்து, 55. சுடலைமுத்துவின் மகள் இசக்கி, கல்லூரி முடித்தவள்.

சுடலைமுத்து: என்னவே, இந்தப் பக்கமே காணோம்? நாலு மாசமாச்சு, ஒரு வார்த்த சொன்னீரா?

பேச்சிமுத்து: சொல்லுதேன் அண்ணாச்சி, பைய சொல்லுதேன். பயலுக்கு ஒரு சோலி அமையட்டும்.

சுடலைமுத்து: உம்ம பயலுக்குச் சோலி அமையதுக்குள்ள எனக்கு முதுகு கூனிரும். கணக்குல எழுதவா, மறந்திரவா? அதச் சொல்லும்.

இசக்கி: எப்பா, மாமாட்ட என்னத்துக்கு இப்படிப் பேசுதிய?

சுடலைமுத்து: நீ சும்மா கெட ளா. (பேச்சிமுத்துவிடம்) ஏல, நாளைக்கு நீ என் கடப்படி ஏறப்படாது.

இதில் கோடு விழ வேண்டிய இடம் கடைசி வரி. அதுவரை 'நீரு, உம்ம, சொல்லும்' என்று பேசியவர் 'ஏல, நீ' என்று இறங்குகிறார். நெல்லைப் பேச்சில் முன்னிலைக்கு மூன்று படி உண்டு: நீ, நீரு, நீங்க. நடுப்படிதான் இந்த இரண்டு ஆண்களின் உறவு. மரியாதை இருக்கிறது, பயமில்லை. உரிமை இருக்கிறது, இளக்காரமில்லை. பொதுப் பேச்சில் அந்த நடுப்படி இல்லை. 'என்னங்க, நாலு மாசமாச்சு, ஒரு வார்த்தை சொன்னீங்களா?' என்றால் சுடலைமுத்து வங்கிக் குமாஸ்தா ஆகிறார். 'சொன்னியா?' என்றால் கந்துவட்டிக்காரர் ஆகிறார். எல்லா 'நீரு'வையும் ஒரே மூச்சில் 'நீங்க' ஆக்குவதுதான் இந்த வேலையில் அதிகம் நடக்கிற தவறு, கணினியில் தேடி மாற்றுகிற வசதி வந்த பிறகு இன்னும் சுலபமாக நடக்கிறது.

நடுப்படியை மீட்க வழி இலக்கணத்திலேயே இருக்கிறது. பொதுப் பேச்சில் சில வினைவடிவங்கள் நீயா நீங்களா என்று காட்டிக்கொடுப்பதில்லை: சொல்லலாம், சொல்லணும், வேண்டாம், கூடாது, முடியாது. 'சொன்னீரா' என்பதைச் 'சொல்லிருக்கலாம்ல' என்று மாற்றினால், கேள்வியின் முள் அப்படியே இருக்கும், படி மட்டும் மறைந்துகொள்ளும். கூடவே 'உம்ம' போன்ற சொற்களை விட்டுவிடலாம். யாருடைய பையன் என்று கேட்பவருக்குத் தெரியும். 'வே' இருந்த இடத்துக்கு 'ய்யா' பொருந்தும், ஒத்த வயது ஆண்களிடையே எல்லா ஊரிலும் புழங்குவது. படம் ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது, டப்பிங்கில்தான் மாற்றுகிறீர்கள் என்றாலும் 'என்னவே'வும் 'என்னய்யா'வும் மூன்று அசை, இரண்டும் வாய் திறந்தே முடிகின்றன. ஆனால் டப்பிங்கில் வினைகளை எண்ணிப் பார்க்கவேண்டும்: 'சொல்லுதேன்' மூன்று அசை, 'சொல்றேன்' இரண்டு. எதிர்ப்பக்கம் 'பாக்கே' இரண்டு, 'பாக்குற' மூன்று. வசனம் ஓரிடத்தில் குறைந்து இன்னோரிடத்தில் நீளும். குறைகிற இடத்தில் விளியைச் சேர்த்தும், நீள்கிற இடத்தில் எழுவாயை விட்டும் சரிக்கட்டலாம்.

இனி 'பைய'. அகராதிப்படி மெதுவாக என்பது சரி. ஆனால் 'மெதுவா சொல்றேன்' என்றால் பொதுப் பேச்சில் குரலைத் தாழ்த்திச் சொல்வது, அல்லது நிறுத்தி நிதானமாகச் சொல்வது. பேச்சிமுத்து இரண்டும் செய்யவில்லை, நாள் கடத்துகிறார். அவர் குணமே அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. ஆகவே சொல்லைத் தேடாமல் மழுப்பலைத் தேடவேண்டும்: 'சொல்றேன் அண்ணாச்சி. சொல்லாம எங்க போயிடப் போறேன்?' கேள்விக்குக் கேள்வியால் பதில் சொல்லும் இந்தப் பழக்கத்தைப் பேச்சிமுத்துவுக்கு மட்டும் கொடுங்கள். படம் முழுக்க அதுவே அவர் அடையாளமாகிவிடும். அதே உத்தியைச் சுடலைமுத்துவுக்கும் கொடுத்தால் மறுபடி இருவரும் ஒன்றாகிவிடுவார்கள்.

'அண்ணாச்சி'யை மாற்றத் தேவையில்லை, ஒரு எச்சரிக்கையோடு. சென்னையில் அண்ணாச்சி கடை என்றாலே மளிகைக் கடை. நெல்லையில் மதிக்கத்தக்க மூத்த ஆண் எவரும் அண்ணாச்சி. இங்கே சுடலைமுத்து கடைக்காரர் என்பதால் சிக்கலில்லை. இதே விளியை ஒரு வக்கீலிடமோ மருத்துவரிடமோ சொன்னால் வெளியூர்ப் பார்வையாளர் கேலி என்று எடுத்துக்கொள்வார், அங்கே 'அண்ணே' போதும்.

மகளின் வரி ஏமாற்றும். 'பேசுதிய' என்பது மரியாதை வடிவம், அவள் அப்பாவிடம் நீங்க போட்டுப் பேசுகிற பெண். நகரத்துப் பெண்போல் ஒலிக்கட்டும் என்று 'ஏம்ப்பா இப்படிப் பேசுற?' என்று எழுதினால் வேறு குடும்பம் வந்துவிடுகிறது. 'பேசுறீங்க' என்றே இருக்கட்டும். அப்பா அவளிடம் சொல்கிற 'ளா'வுக்குப் பொதுப் பேச்சில் நிகரே கிடையாது. அதில் அதட்டலும் செல்லமும் ஒன்றாக இருக்கின்றன. 'டி' போட்டால் செல்லம் போய்விடும், 'ம்மா' போட்டால் அதட்டல் போய்விடும். ஒரே சொல்லில் முடியாததை இரண்டு வரியாக உடைத்து, நடுவில் நடிகருக்கு ஒரு மூச்சு விடலாம்: 'நீ உள்ள போ.' பிறகு, 'போம்மா.'

கடைசி வரிதான் உண்மையான சோதனை. பழைய பிரதியில் கோபம் படியிறங்கி வருகிறது. புதிய பிரதியில் ஆரம்பத்திலேயே 'என்னய்யா' என்று நெருங்கிவிட்டோம், இறங்க இடமில்லை. 55 வயதுக்காரரை 'டா' போட்டால் காட்சி சண்டைக் காட்சியாகிவிடும், சுடலைமுத்து அப்படிப்பட்ட ஆளுமில்லை. எனவே திசையைத் திருப்பி, படியேற்றிவிடலாம். கோபம் வரும் கணத்தில் அவர் 'நீங்க' என்கிறார், பேச்சி என்று சுருக்கிக் கூப்பிட்டவர் முழுப்பெயர் சொல்கிறார்.

சுடலைமுத்து: என்னய்யா பேச்சி, இந்தப் பக்கம் ஆளையே காணோம்? நாலு மாசம். ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல?

பேச்சிமுத்து: சொல்றேன் அண்ணாச்சி. சொல்லாம எங்க போயிடப் போறேன்? பையனுக்கு ஒரு வேலை அமையட்டும்.

சுடலைமுத்து: பையனுக்கு வேலை அமையறதுக்குள்ள எனக்கு முதுகு கூனிடும்யா. கணக்குல எழுதணுமா, மறந்துடணுமா? அது தெரிஞ்சா போதும்.

இசக்கி: அப்பா, மாமாகிட்ட எதுக்கு இப்படிப் பேசுறீங்க?

சுடலைமுத்து: நீ உள்ள போ. (அவள் அசையவில்லை) போம்மா. (பேச்சிமுத்துவிடம்) நாளையிலேர்ந்து நீங்க என் கடைப் படி ஏற வேண்டாம், பேச்சிமுத்து.

அந்த 'நீங்க' உறைக்க வேண்டுமானால், அதற்கு முன்னால் படத்தில் எங்கேயும் சுடலைமுத்து பேச்சிமுத்துவை நீங்க என்று சொல்லியிருக்கக் கூடாது. ஒரே ஒரு காட்சியில் கைதவறினாலும் இந்த வரி சாதாரண வரியாகிவிடும். பிரதியை முடித்ததும் இந்த இருவர் பேசும் காட்சிகளை மட்டும் தனியாக எடுத்து ஒருமுறை படியுங்கள்.

வசவுச் சொற்களில் பெரிய தலைவலி இல்லை. 'செத்த மூதி'க்கு 'மூதேவி' இருக்கிறது. 'கோட்டி' வெளியூருக்குப் புரியாது, ஆனால் நடிகர் நெற்றிப்பொட்டில் விரலைச் சுழற்றினால் புரிந்துவிடும். பொருளும் சைகையும் திரையில் தெரிகிற இடத்தில் வட்டாரச் சொல்லை அப்படியே விட்டுவிடலாம். இடுப்பில் கட்டிக்கொண்டே 'சாரம்' என்றால் அது கைலி என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

கெட்டுப்போவதற்கு இன்னும் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பாதிக் கலவை. 'சொல்றேன்வே' என்பது எந்த ஊர்ப் பேச்சுமில்லை. பொது வினையோடு நெல்லை விளியை ஒட்டினால் நெல்லைக்காரர் முகம் சுளிப்பார், மற்றவருக்கு மிமிக்ரி மாதிரி இருக்கும். அதன்மேல் மதுரைப் பக்கத்து 'வந்தாக'வையும் கோவைப் பக்கத்து 'ஏனுங்க'வையும் தூவினால் சினிமாவில் மட்டும் இருக்கிற ஒரு கிராமம் கிடைக்கும். இன்னொன்று, பொதுப் பேச்சு என்று நினைத்துச் சென்னைப் பேச்சை எழுதுவது. 'கலாய்க்கிறியா', 'செம கடுப்பு' எல்லாம் இன்னொரு வட்டாரம்தான், இப்போது பரவலாகிவிட்டதால் நடுநிலை போலத் தெரிகிறது. 60 வயது மளிகைக் கடைக்காரர் வாயில் அது உடனே பல்லிளிக்கும்.

முடித்த பிரதியை இரண்டு பேரிடம் கொடுங்கள், ஒருவர் நெல்லைக்காரர், ஒருவர் வேலூரோ சேலமோ. வெளியூர்க்காரரிடம் எந்த இடத்தில் நின்று யோசித்தீர்கள் என்று மட்டும் கேட்கவேண்டும். நெல்லைக்காரரிடம் பேச்சு சரியா என்று கேட்காதீர்கள், சரியில்லை என்றுதான் சொல்வார். சுடலைமுத்துவும் பேச்சிமுத்துவும் எப்படிப்பட்ட பழக்கம் என்று கேளுங்கள். 'ரொம்ப நாள் சேக்காளிக, கொடுக்கல் வாங்கல்ல மொகம் திருப்பிட்டாவ' என்று வந்தால் அடுத்த காட்சிக்குப் போகலாம். 'ஒருத்தரு மொதலாளி போல' என்று வந்தால் நடுப்படி எங்கேயோ தவறிவிட்டது, முதல் வரியிலிருந்து மறுபடி பார்க்கவேண்டும்.