வெட்டி ஒட்டியது தெரியாமல் ஒரு பொங்கல் வாழ்த்து: கேள்வி-பதில்

மார்கழி பிறந்தால் போதும், குடும்பக் குரூப்புக்கு வாழ்த்துப்படம் செய்கிறவர்களின் கடிதங்கள் வரிசை கட்டும். இந்த முறை வந்ததில் பாதி ஒரே கேள்விதான் என்பதால் அதற்கு நிறைய இடம் கொடுத்திருக்கிறேன். மற்றவற்றுக்குச் சுருக்கமாக.

வாழ்த்துகளா, வாழ்த்துக்களா?

வாழ்த்துகள். க் வேண்டாம். பெரியப்பா குரூப்பிலேயே திருத்தம் போடுவதற்கு முன் இதைச் சரி செய்துவிடுங்கள்.

படத்தை எந்த அளவில் செய்ய வேண்டும்? நான் ஏ4-இல் செய்கிறேன். (மதுரை வாசகர்)

ஏ4 அச்சுக்கு. போனில் பார்க்கிற படத்துக்கு 1080க்கு 1350 பிக்சல் வைத்துக்கொள்ளுங்கள். ரொம்ப உயரமாகச் செய்தால் அரட்டையில் மேலும் கீழும் வெட்டித்தான் காட்டும். வாழ்த்து வரி கீழே இருந்தால், தட்டித் திறக்காதவர்களுக்கு அது தெரியவே தெரியாது. ஸ்டேட்டஸில் போட வேண்டுமானால் 1080க்கு 1920-இல் தனியாக ஒன்று செய்யுங்கள். ஒன்றையே இழுத்து நீட்டாதீர்கள்.

எழுத்தின் அளவையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1080 பிக்சல் அகலம் என்பது கையில் இருக்கும் போனில் ஆறரை, ஏழு சென்டிமீட்டர்தான். 40 பிக்சல் உயர எழுத்து அங்கே இரண்டரை மில்லிமீட்டராகிவிடும். அதற்குக் கீழே போனால் அத்தைக்குக் கண்ணாடி தேட வேண்டியிருக்கும்.

நெட்டில் எடுத்த கரும்புப் படத்தின் பின்னால் சாம்பல், வெள்ளைக் கட்டங்கள் போகவே மாட்டேன் என்கின்றன.

அது பின்னணி இல்லாத படம் அல்ல, கட்டங்களையும் சேர்த்தே படமாக்கி வைத்த போலி. உங்கள் பின்னணியில் வைத்த உடனே கட்டங்கள் மறைய வேண்டும். மறையவில்லையா, தூக்கிப் போட்டுவிட்டு வேறு எடுங்கள். அதை அழித்து அழித்துச் சுத்தம் செய்கிற நேரத்தில் வீட்டு வாசலில் சாத்திய கரும்பையே ஒரு போட்டோ எடுத்துவிடலாம்.

கரும்பு என்றதும் இன்னொன்று. வாழ்த்துப்படங்களில் நெற்கதிர் என்று கோதுமைக் கதிரை வைக்கிறீர்கள். விறைப்பாக, முள் மாதிரி நீண்ட மீசையோடு நிமிர்ந்து நின்றால் அது கோதுமை. முற்றிய நெற்கதிர் தலை சாய்ந்து தொங்கும். விவசாயம் செய்த தாத்தா இருக்கிற குரூப்பில் இந்தத் தப்பு ஒளியாது.

தங்கை அனுப்பிய கோலம் பின்னணி இல்லாத பிஎன்ஜி என்றாள். எனக்குக் கறுப்புப் பின்னணியோடு வந்திருக்கிறது.

அவள் போட்டோவாக அனுப்பியிருப்பாள். வாட்ஸப் அதை ஜேபிஜி ஆக்கிவிடும். ஜேபிஜிக்கு வெறுமை என்று ஒன்று கிடையாது, ஏதாவது ஒரு நிறத்தால் நிரப்பிவிடும். Document என்று தேர்ந்து அனுப்பச் சொல்லுங்கள். இதைப் போன வருடமும் சொன்னேன், அடுத்த வருடமும் சொல்வேன்: வேலைக்கு வேண்டிய படம் எதுவானாலும் Document ஆகவே வாங்குங்கள்.

சார், என் படம் சரியா வரலை. என்ன செய்யலாம்?

படத்தையும் இணைக்கவில்லை, எந்த ஆப் என்றும் சொல்லவில்லை, எது சரியில்லை என்றும் சொல்லவில்லை. நானும் சரியாகப் பதில் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குடும்பப் படத்தை வெட்டி, சூரியன் உதிக்கிற பொங்கல் பின்னணியில் வைத்தேன். ஆப் சுத்தமாக வெட்டித் தந்தது. ஆனாலும் ஒட்டவைத்த மாதிரியே இருக்கிறது. ஏன்? (திருவாரூர் வாசகி)

இந்த அம்மா படங்களை இணைத்திருந்தார், அதற்கே நன்றி. மொட்டைமாடியில் எட்டுப் பேர், பட்டப்பகலில் எடுத்தது. பின்னணி: வயல், நடுவில் பெரிய சூரியன், முன்னால் பொங்கி வழிகிற பானை. வெட்டு உண்மையிலேயே சுத்தம்தான். ஆனால் எல்லோரும் வெட்டைத்தான் பார்க்கிறீர்கள், வெளிச்சத்தைப் பார்ப்பதில்லை. இருபது வருடமாகக் கடையில் நான் பார்க்கிற சங்கதி இது. விளிம்பை நகம் அளவு பெரிதாக்கி ஒரு மணி நேரம் தேய்ப்பார்கள். சூரியன் எந்தப் பக்கம் என்று ஒரு நிமிடம் யோசிக்க மாட்டார்கள்.

சூரியன் எட்டுப் பேருக்கும் பின்னால் இருக்கிறது. அப்படியானால் முகம் மங்கி, தலைமுடி ஓரத்தில்தான் வெளிச்சம் விழ வேண்டும். இந்தப் படத்தில் முகம் பளீரென்று இருக்கிறது. உச்சி வெயில் என்பதால் மூக்குக்குக் கீழேயும் தாடைக்குக் கீழேயும் கறுப்பு நிழல். பார்க்கிறவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ இடிக்கிறது என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். முகத்தை இருட்டாக்கி இதைச் சரிக்கட்ட முடியாது, பின்னணியைத்தான் மாற்ற வேண்டும். கோலம் போட்ட வாசல், திண்ணை, தோரணம் கட்டிய முற்றம், இப்படிச் சூரியன் படத்துக்குள்ளேயே வராத இடமாக எடுங்கள். சூரியன் இருந்தே தீர வேண்டும் என்றால் மேலே வாழ்த்து வரிக்குப் பக்கத்தில் ஓவியச் சூரியனாக வையுங்கள். ஓவியத்திடம் யாரும் நிழல் கேட்க மாட்டார்கள்.

அடுத்தது தொடுவானம். நின்றுகொண்டு கேமராவைக் கண் உயரத்தில் பிடித்து எடுத்த படத்தில், சமதரையில் நிற்கிற பெரியவர்களின் கண்ணை ஒட்டித்தான் தொடுவானம் போகும். இந்த வயல் படமோ உட்கார்ந்து எடுத்தது, தொடுவானம் ரொம்பக் கீழே இருக்கிறது. அதன்மேல் இவர்களை நிறுத்தியதும் தொடுவானம் முழங்காலுக்கு வந்து, எட்டுப் பேரும் பனைமர உயரத்துக்குத் தெரிகிறார்கள். பின்னணியை மேலே ஏற்றி, தொடுவானத்தைப் பெரியவர்களின் கழுத்து, கண் பக்கம் கொண்டுவந்தால் பாதி ஒட்டுத்தனம் அங்கேயே போய்விடும். வாசல், சுவர் போன்ற பின்னணியில் தொடுவானமே தெரியாது என்பதால் இந்தத் தலைவலி குறைவு. நான் வாசல் என்று சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது பாதம். ஓரமாக நிற்கிற மூன்று பேரின் கால் அசல் படத்திலேயே வெட்டுப்பட்டிருக்கிறது, இவர் அப்படியே தரையில் நிறுத்திவிட்டார். எல்லோரையும் இடுப்போடு முடித்து, கீழே பானை, கரும்பு, வாழ்த்துப் பட்டை என்று வரிசையாக வைத்து மறைத்துவிடுங்கள். முழு உருவம்தான் வேண்டும் என்றால் பாதத்துக்கடியில் நிழல் கட்டாயம். கறுப்பு பிரஷ், ஓரம் மிருதுவாக, அடர்த்தி 30 சதவீதம். பாதத்தை ஒட்டி அடர்ந்து, விலக விலகக் கரைய வேண்டும். அந்த நிழல் ஆட்கள் லேயருக்குக் கீழே, பின்னணிக்கு மேலே இருக்கட்டும்.

கடைசியாகத்தான் விளிம்பு. தலையைச் சுற்றி வெள்ளைக் கோடு தெரிகிறது என்றால், அது பழைய பின்னணியின் மிச்சம். தேர்வை ஒரு பிக்சல், மிஞ்சினால் இரண்டு பிக்சல் உள்ளே சுருக்கி, ஒரு பிக்சல் மிருதுவாக்கி, வெளியே இருப்பதை அழித்தால் போய்விடும். அதற்குமேல் மிருதுவாக்கினால் ஆட்கள் புகைக்குள்ளிருந்து வருவார்கள். அப்புறம் பின்னணியை லேசாக மங்கலாக்கி, ஆட்களின் நிறத்தில் கொஞ்சம் மஞ்சள் சூட்டை ஏற்றுங்கள். பட்டுப் புடவையின் நிறம் மாறாத அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அது சித்தியின் புடவை, அவர் விடமாட்டார்.

இவ்வளவையும் அசலின் நகலில் செய்யுங்கள். அந்த அம்மா அசலின்மேலேயே சேமித்துவிட்டாராம். மொட்டைமாடிப் படம் இப்போது யாரிடமும் இல்லை.

டைப் செய்தால் ‘பொங்கல்’ உடைந்து, கொம்பு ஒரு பக்கம் ப ஒரு பக்கம் நிற்கிறது.

போட்டோஷாப் என்றால் Preferences-இல் Type பக்கம் போய் World-Ready Layout இருக்கிறதா பாருங்கள். கொஞ்சம் பழைய பதிப்பில் அதுவே Middle Eastern and South Asian என்று இருக்கும். அதைத் தேர்ந்து, புதிய கோப்பு திறந்து டைப் செய்யுங்கள். எழுத்து உடையாமல், `nghq;fy;` என்று தெரிகிறது என்றால் கதை வேறு. யாரோ பாமினியில் அடித்த பொங்கல் அது, அந்த ஃபான்ட் உங்களிடம் இல்லை. யூனிகோடில் மறுபடி அடிப்பதுதான் நல்லது. தலைப்புக்குப் பலூ தம்பி, சிறு எழுத்துக்கு முக்தா மலர் அல்லது ஹிந்த் மதுரை, எல்லாம் இலவசம்.

என் கம்ப்யூட்டரில் அழகாக இருக்கிறது. குரூப்பில் போட்டதும் சிவப்பு எழுத்து மட்டும் கசங்கிவிடுகிறது. (கோவை வாசகர்)

எந்தப் பின்னணியில் சிவப்பு? சொல்லவில்லை, ஆனால் பச்சை வாழையிலை என்று பந்தயம் கட்டுகிறேன். ஜேபிஜி சுருக்கும்போது பொதுவாக வெளிச்ச வேறுபாட்டை முழுசாக வைத்துக்கொண்டு, நிற வேறுபாட்டைப் பாதித் தெளிவுக்குக் குறைத்துவிடும். சிவப்பும் பச்சையும் நிறத்தில் எதிரும் புதிரும். வெளிச்சத்தில் ஏறக்குறைய ஒன்று. அதனால் விளிம்பு கரைகிறது. படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். அதிலும் எழுத்து தெளிவாகத் தெரிந்தால் குரூப்பிலும் தெரியும். இலைமேல் வெள்ளை அல்லது இளமஞ்சள், வெளிர் பின்னணியில் அடர் சிவப்பு, அவ்வளவுதான். அனுப்பும்போது HD-ஐத் தட்ட மறக்காதீர்கள். முடித்த வாழ்த்தை Document ஆக அனுப்பாதீர்கள், பெரியவர்கள் திறக்கவே மாட்டார்கள். Document நமக்குள் வேலைக்கு, போட்டோ குரூப்புக்கு.

போன ஐப்பசியில் தாத்தா தவறிவிட்டார். அவரையும் எங்களோடு நிற்கிற மாதிரி சேர்த்துவிடலாமா? பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று இருக்கிறது.

முதலில் பாட்டியைக் கேளுங்கள். துக்கம் நடந்த வருடம் பண்டிகை கொண்டாடாத வீடுகள் நிறைய. உங்கள் வீட்டில் வாழ்த்தே வேண்டாம் என்றால் அத்தோடு விட்டுவிடுங்கள்.

சரி என்றால், கூட்டத்தில் நிறுத்தாதீர்கள். மேல் மூலையில் தனியாக வட்டச் சட்டத்துக்குள், கறுப்பு வெள்ளையாகவே வையுங்கள். நிறம் ஏற்ற வேண்டாம். சட்டத்திலிருந்து படத்தைக் கழற்றி, ஜன்னல் ஓரம் மேசையில் வைத்து, ஃபிளாஷ் போடாமல், நேர் மேலிருந்து எடுங்கள். கண்ணாடியோடு எடுத்தால் தாத்தா முகத்தில் உங்கள் கையும் போனும்தான் தெரியும். பழைய படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காதீர்கள். கறுப்புத் துணியைப் படத்துக்கும் போனுக்கும் நடுவில் பிடித்து, லென்ஸுக்கு மட்டும் ஒரு ஓட்டை விட்டு எடுத்தால் பிம்பம் விழாது.