வி.ஆர்.எஸ். பணத்தில் 2.82 லட்சம் வரியா?

கேள்வி: ஓமலூர் பக்கம் ஒரு ஆலையில் 26 வருடம் வேலை பார்த்தேன். 54 வயதில் வி.ஆர்.எஸ். வாங்கி 2025 செப்டம்பர் 30 அன்று வெளியே வந்தேன். வி.ஆர்.எஸ். தொகை 20 லட்சம், கிராஜுவிட்டி 7.5 லட்சம், லீவு சம்பளம் 4 லட்சம். மொத்தமாக வந்த பணத்தில் 2,82,100 ரூபாய் வரி பிடித்துவிட்டார்கள். 12 லட்சம் வரை வரி கிடையாது என்கிறார்களே, ஐயா? இதில் எனக்குத் திரும்ப வருமா? – ஒரு வாசகர், சூரமங்கலம்

பதில்: வரும். 1,18,820 ரூபாய் உங்களுக்குத் திரும்ப வர வேண்டும் என்பது என் கணக்கு.

முதலில் அந்த 12 லட்சம். ஆண்டின் மொத்த வரிவருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால்தான் அந்தத் தள்ளுபடி. தாண்டிவிட்டால் 4 லட்சத்துக்கு மேலே உள்ளதற்கெல்லாம் படிப்படியாக வரி உண்டு. உங்கள் வருமானம் நன்றாகவே தாண்டிவிட்டது.

நீங்கள் அனுப்பிய ஃபைனல் செட்டில்மென்ட் தாளைப் பார்த்தேன். கிராஜுவிட்டிக்கும் லீவு சம்பளத்துக்கும் நேரே 'வரி விலக்கு' என்று போட்டிருக்கிறார்கள், அது சரி. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து உங்களுக்கு மாதம் 50,000. 26 வருடத்துக்குச் சட்டப்படி கிராஜுவிட்டி 7.5 லட்சம்தான் வருகிறது, விலக்கின் உச்சவரம்போ 20 லட்சம். லீவு சம்பளமும் பத்து மாதச் சம்பளத்துக்குள், அதாவது 5 லட்சத்துக்குள், அடங்குகிறது. பி.எஃப். பணத்துக்கும் ஐந்து வருடத் தொடர் சேவை இருப்பதால் வரி இல்லை. ஆனால் வி.ஆர்.எஸ். தொகைக்கு நேரே விலக்குக் கட்டம் காலியாக இருக்கிறது. கோளாறு அங்கேதான்.

வருமான வரிச் சட்டம் 1961, பிரிவு 10(10சி)-இன்படி வி.ஆர்.எஸ். தொகையில் 5 லட்சத்துக்கு வரி இல்லை. புதிய வரித் திட்டத்திலும் இது உண்டு. 2026 ஏப்ரலில் புதிய சட்டம் வந்தாலும், உங்கள் பணம் அதற்கு முந்தைய நிதியாண்டில் வந்ததால் பழைய சட்டம்தான் பொருந்தும்.

கணக்கைப் பாருங்கள். மற்ற படிகளும் சேர்ந்து ஆறு மாதச் சம்பளம் 3.6 லட்சம். வி.ஆர்.எஸ்.ஸில் 5 லட்சம் போக 15 லட்சம். இரண்டும் சேர்ந்து 18.6 லட்சம். நிலையான கழிவு 75,000 போனால் 17.85 லட்சம். இதற்கு வரி 1,57,000, 4 சதவீத செஸ் சேர்த்து 1,63,280. உங்கள் ஆலை 5 லட்சத்தைக் கழிக்காமல் 22.85 லட்சத்துக்குக் கணக்குப் போட்டதால் அது 2,82,100 ஆகிவிட்டது. ஆக, மூன்று தொகையும் சேர்ந்த 31.5 லட்சத்தில் கடைசியாக உங்கள் கையில் நிற்க வேண்டியது 29,86,720. பணத்தை வங்கியில் போட்டிருந்தால் மார்ச் வரைக்குமான வட்டியும் வருமானத்தில் சேரும், அந்த வட்டிக்கான வரி அளவுக்கு ரீஃபண்ட் குறையும்.

ஆலை ஏன் கழிக்கவில்லை? தங்கள் வி.ஆர்.எஸ். திட்டம் இந்த விலக்குக்கான நிபந்தனைகளைச் சொல்லும் வருமான வரி விதி 2பிஏ-க்குப் பொருந்துமா என்ற சந்தேகத்தில் பல நிறுவனங்கள் இப்படிச் செய்கின்றன. திட்டச் சுற்றறிக்கையை எடுத்துப் படியுங்கள். பத்து வருட சேவை அல்லது நாற்பது வயது முடித்த எல்லா ஊழியருக்கும் அது திறந்திருக்க வேண்டும். ஆட்குறைப்புக்காக இருக்க வேண்டும், காலியான இடத்தை நிரப்பக் கூடாது. அதே நிர்வாகத்தின் வேறு நிறுவனத்தில் நீங்கள் சேரக் கூடாது. தொகைக்கும் வரம்பு உண்டு: சேவை வருடத்துக்கு மூன்று மாதச் சம்பளம் என்று பார்த்தால் 39 லட்சம்; மீதியிருந்த 48 மாதத்துக்குப் பார்த்தால் 24 லட்சம். உங்கள் 20 லட்சம் இரண்டுக்குள்ளும் இருக்கிறது. நீங்கள் முன்பு வேறு எங்கும் இந்த விலக்கை வாங்கியிருக்கக் கூடாது, வாழ்நாளில் ஒரு முறைதான்.

பணம் ஒரே வருடத்தில் மொத்தமாக வந்ததால் ஏறும் வரிக்குப் பிரிவு 89-இல் ஒரு நிவாரணம் உண்டு; யாராவது அதையும் சேர்த்துக் கேட்கச் சொன்னால் கேட்காதீர்கள். சென்னை உயர் நீதிமன்றம் ஒரு காலத்தில் இரண்டையும் அனுமதித்தது உண்மை. 2009-இல் சட்டத்தைத் திருத்தி, ஒன்று வாங்கினால் மற்றது இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். முந்தைய மூன்று வருடங்களில் உங்கள் வருமானம் ஏழு லட்சம் அளவில் இருந்ததால், 89-இல் கிடைப்பது 5 லட்ச விலக்கால் மிச்சமாகும் தொகையில் பாதிகூட வராது.

இனி செய்ய வேண்டியது. ஆலை வரித்துறையில் கட்டிய பணத்தை உங்களுக்குத் திருப்பித் தராது, ரிட்டர்ன் மூலம்தான் வாங்க வேண்டும். 2,82,100 முழுவதும், உங்கள் பெயரில் கட்டிய வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஜூலை 31-க்குள் ரிட்டர்ன் போடும்போது சம்பளப் பகுதியில் முழு 20 லட்சத்தையும் காட்டுங்கள். அப்புறம் விலக்குப் பட்டியலில் `Sec 10(10C)` என்ற வரியைத் தேர்ந்தெடுத்து 5,00,000 போடுங்கள். 15 லட்சத்தை மட்டும் காட்டினால் ஃபார்ம் 16-உடன் ஒத்துப்போகாது.

ஃபார்ம் 16-இல் இல்லாத விலக்கு என்பதால் துறையிடமிருந்து விளக்கம் கேட்டு மின்னஞ்சல் வரலாம். 30 நாளுக்குள் பதில் சொல்லாவிட்டால் விலக்கை வெட்டிவிடுவார்கள். கன்னங்குறிச்சியிலிருந்து வந்த ஒருவர் அந்த அஞ்சலைத் திறக்காமலே விட்டு, பிறகு திருத்த மனு, மேல்முறையீடு என்று ஒன்றரை வருடம் அலைந்தார். எனவே திட்டச் சுற்றறிக்கை, உங்கள் விண்ணப்பம், ஏற்புக் கடிதம், செட்டில்மென்ட் தாள் நான்கையும் இப்போதே ஸ்கேன் செய்து வையுங்கள். சுற்றறிக்கை கையில் இல்லையென்றால் ஆலையின் பணியாளர் பிரிவில் எழுத்தில் கேட்டு, மனுவின் நகலில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.