குஸ்காவை நம்பாதீர்கள்

கேள்வி: ராணிப்பேட்டை சிப்காட்டில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. நாங்கள் நயினார் வீடு, தமிழ்ச் சமணர்கள். வெங்காயம், பூண்டு, கிழங்கு எதுவும் சேர்க்க மாட்டோம். வெள்ளிக்கிழமை டீம் லஞ்ச், பிரியாணி என்கிறார்கள். சங்கடமில்லாமல் எப்படிச் சொல்வது?

பதில்: எல்லாரிடமும் சொல்ல வேண்டியதில்லை தம்பி. ஆர்டர் கொடுக்கப்போகிறவர் ஒருவரிடம், புதன்கிழமைக்குள் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை இலை போட்ட பிறகு சொன்னால்தான் எல்லாரும் உங்கள் இலையையே பார்ப்பார்கள். வேண்டாததை மட்டும் சொல்லிவிட்டு நிற்காதீர்கள், வேண்டியதையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்:

"அண்ணா, நானும் வர்றேன். வெங்காயம், பூண்டு, இஞ்சி, கிழங்கு எங்க வீட்ல சேர்க்கிறதில்ல. எனக்கு ஒரு எலுமிச்சை சாதம், அப்பளம் போதும். கடை நம்பர் குடுங்க, நானே பேசிக்கிறேன்."

ஏன் என்று கேட்டால், கிழங்கைப் பிடுங்கும்போது மண்ணிலுள்ள உயிர்கள் சாகும் என்று ஒரு வரி சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடலாம்.

"குஸ்கா வாங்கிக்கோ, அதில் கறி இல்லையே" என்று யாராவது அன்பாகச் சொல்வார்கள். நம் பக்கத்துக் கடைகளில் குஸ்கா பெரும்பாலும் தனியாக வடித்த சோறு கிடையாது. கறியோடு தம் போட்ட அதே அண்டாவில் துண்டை ஒதுக்கிவிட்டு அள்ளும் சீரகச்சம்பா சோறுதான். ஒரு விருந்தில் என் பக்கத்து இலைப் பையன் பாதி சாப்பிட்ட பிறகு, சோற்றில் ஒட்டியிருந்த கறி நாரை விரலால் எடுத்துப் பார்த்தான். அதன்பின் அவன் அங்கே உட்காரவில்லை. வாழைக்காய் வறுவலும் அப்படித்தான்; சிக்கன் பொரித்த எண்ணெயிலேயே போட்டு எடுப்பார்கள்.

இஞ்சியைத் தனியாகச் சொல்லச் சொன்னதற்குக் காரணம் உண்டு. பல சமையல்காரர்களுக்குக் கிழங்கு என்றால் உருளைதான். தயிர் சாதத்திலும் பொங்கலிலும் இஞ்சியை நறுக்கிப் போட்டுவிட்டு, "கிழங்கே இல்ல சார்" என்பார்கள், பொய் சொல்லும் எண்ணமில்லாமலே. பச்சை இஞ்சி ஆகாது. காய்ந்த சுக்கும் மஞ்சள்தூளும் பல சமண வீடுகளில் சேர்ப்பதுதான். உங்கள் வீட்டிலும் அப்படியென்றால், "மஞ்சள்தூள் போடலாம்" என்று கடைக்காரரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பயந்துபோய் வெள்ளைச் சோற்றை அனுப்பிவிடுவார்.

கேட்டரிங் ஏஜெண்ட் வழியாக வந்தால் இன்னும் கவனம் வேண்டும். "ஜெயின் மீல்ஸ்" என்று கூடுதல் காசு வாங்கிக்கொண்டு, வெங்காயத்தை மட்டும் வடிகட்டிய அதே குருமாவை டப்பாவில் அடைத்து அனுப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மூடியைத் திறந்ததும் பூண்டு வாசம் காட்டிக்கொடுத்துவிடும். டப்பாவில் பச்சைப்புள்ளி இருக்கிறது என்பார்கள். அது சைவம் என்று மட்டுமே சொல்லும். பூண்டைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. கம்பெனி படிவத்திலும் சைவம், அசைவம் என இரண்டே கட்டம். மூன்றாவதாக ஒரு வெற்றுக்கோடு போட இத்தனை வருடமாக ஒருவருக்கும் மனம் வரவில்லை! சைவக் கட்டத்தை டிக் அடித்துவிட்டு, அதன் ஓரத்திலேயே "வெங்காயம், பூண்டு, இஞ்சி, கிழங்கு வேண்டாம்" என்று பேனாவால் எழுதிக் கொடுங்கள்.